பாவித்த லப்டொப்பைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கும்போது எதற்கு வாரண்டி சொல்லலாம்?

கேள்வி: "கிளிநொச்சியில இருந்து எழுதுறன். எங்கட பாடசாலையின்ர பழைய மாணவர்கள் வெளிநாட்டில இருந்து பாவிச்ச லப்டொப் பதினைஞ்சு அளவில அனுப்பலாம் எண்டு சொல்லுகினம். வாங்க வசதியில்லாத உயர்தரப் பிள்ளைகளுக்குக் குடுக்கப் போறம். எப்படிப்பட்டதைக் கேக்கிறது, எதைச் சோதிக்கிறது, எத்தனை மாசம் வாரண்டி எண்டு தாய் தகப்பனுக்குச் சொல்லுறது?"

நீங்கள் கடைசியாகக் கேட்டதில் இருந்து தொடங்குகிறேன். பதினொரு வருடமாக இந்தத் திருத்த வேலை செய்கிறேன், முதலில் கொழும்பில், பிறகு இங்கே ஏ9 வீதியோரம். இதில் நான் கண்டது, பாவித்த லப்டொப்புக்கு வாரண்டி சொல்வதென்றால் கையில் உதிரிப்பாகம் இருக்க வேண்டும் என்பதுதான். புது லப்டொப்புக்குப் பின்னால் கொம்பனி இருக்கிறது. பாவித்ததற்குப் பின்னால் நீங்கள் மட்டும்தான் இருக்கிறீர்கள். பழுதாகி வரும் நாளில் மாற்றிப் போட உங்கள் அலுமாரியில் அதே மாடலின் றாம், திரை, விசைப்பலகை, சார்ஜர் இருந்தால் தொண்ணூறு நாள் என்று தைரியமாகச் சொல்லலாம். இல்லாவிட்டால் ஒரு கிழமைகூடச் சொல்ல வேண்டாம். அதனால், எதை அனுப்பச் சொல்வது என்பதுதான் வாரண்டியைத் தீர்மானிக்கிறது. பதினைந்தும் பதினைந்து விதமாக வந்தால் ஒன்றின் பாகம் மற்றதற்குப் பொருந்தாது. ஒரே மாடலில் பத்து மட்டும் வந்தாலும் அது பல விதமான பதினைந்தை விட மேல். அனுப்புபவர்களிடம் இதைத்தான் முதலில் சொல்லுங்கள். வீட்டு மூலையில் கிடப்பதைச் சேர்க்க வேண்டாம், அலுவலகம் ஒன்று மொத்தமாகக் கழிக்கும் லப்டொப்புகளைத் தேடச் சொல்லுங்கள். பெரிய அலுவலகங்கள் மூன்று நான்கு வருடத்துக்கு ஒருமுறை எல்லாவற்றையும் ஒன்றாக மாற்றும். அப்போது வெளியே வருபவை லெனோவோ திங்க்பாட் டி480, டெல் லாட்டிடியூட் 5490, எச்பி எலைட்புக் 840 ஜி5 போன்ற அலுவலக வகை லப்டொப்புகள். அடித்தட்டைத் திருகாணி கழற்றித் திறக்கலாம், றாமையும் டிஸ்க்கையும் கையால் மாற்றலாம், உதிரியும் கிடைக்கும். கடைகளில் வீட்டுப் பாவனைக்கென்று மலிவாக விற்கும் மெல்லிய லப்டொப்புகள் பலவற்றில் றாமை போர்டோடு ஒட்டிவிட்டிருப்பார்கள். அது பழுதானால் போர்டே போன மாதிரித்தான்.

அடுத்தது வயது. 2025 ஒக்டோபர் 14 உடன் விண்டோஸ் 10க்கான வழமையான பாதுகாப்பு இற்றைப்படுத்தல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 முறையாக ஏற வேண்டுமென்றால் இன்டெல் புரோசசரில் எட்டாம் தலைமுறையோ அதற்கு மேலோ இருக்க வேண்டும். இதைப் பார்ப்பது சுகம். i5-8250U என்று எழுதியிருந்தால் கோட்டுக்குப் பிறகு வரும் 8 தான் தலைமுறை. i5-7300U என்றால் ஏழு. மேலே சொன்ன மாடல்கள் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையோடு வந்தவை, ஆனால் ஏழாம் தலைமுறையோடும் சில வெளிவந்தன, ஆகவே மாடல் பெயரை நம்பாமல் புரோசசரின் பெயரைக் கேளுங்கள். ஏழாம் தலைமுறை வந்தால் எறிய வேண்டும் என்று நான் சொல்லவில்லை. உயர்தர ஐசிடி படிக்கிற பிள்ளைக்குத் தேவையான பைத்தன், எஸ்கியூஎல், எச்டிஎம்எல் எல்லாம், விண்டோஸுக்குப் பதிலாக இலவசமாகப் போடக்கூடிய லினக்ஸ் மின்டில் நன்றாக ஓடும், சூம் வகுப்பும் ஓடும். ஆனால் அறிவியல்நகர் பொறியியல் பீடத்துக்குப் போகிற பிள்ளைக்கு ஆட்டோகாட் போன்றவை வேண்டிவரும், அவற்றுக்கு விண்டோஸ் வேண்டும். அதனால் எட்டாம் தலைமுறையை அப்படிப்பட்டவர்களுக்கு ஒதுக்கி வைத்து, ஏழாம் தலைமுறையில் மின்டைப் போட்டு உயர்தரப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள். திருட்டு விண்டோஸை மட்டும் போட்டுக் கொடுக்க வேண்டாம். அதைத் திறக்கும் சின்னச் சின்ன மென்பொருட்களோடு வைரஸ் வருவதை நான் திரும்பத் திரும்பக் கண்டிருக்கிறேன், பிறகு அந்தப் பிள்ளையின் பாஸ்வேர்ட் எல்லாம் போய்விடும்.

சோதனைக்கு வருவோம். இதைச் சொல்வதற்கு நான் செய்த ஒரு தொகுதியையே எடுக்கிறேன், ஒரே மாடலில் பதினான்கு. வெளிநாட்டில் ஓர் அலுவலகம் கழித்துக் கொடுத்தது. பெட்டியைத் திறந்தவுடன் டிஸ்க்கையோ பற்றரியையோ பார்க்கவில்லை, பூட்டைத்தான் பார்த்தேன். லப்டொப்பில் இரண்டு விதமான பூட்டு இருக்கும். ஒன்று பயோஸ் பாஸ்வேர்ட். பயோஸ் என்பது விண்டோஸுக்கு முன்னரே ஓடும் அடிப்படை மென்பொருள். ஓன் செய்து F2 அல்லது F10 அல்லது F1 அழுத்தினால் பயோஸுக்குள் விட வேண்டும், பாஸ்வேர்ட் கேட்டால் பூட்டு இருக்கிறது. அலுவலக வகை லப்டொப்பில் இதைச் சின்னப் பற்றரியைக் கழற்றி அழிக்க முடியாது, அதற்கென்றே செய்திருக்கிறார்கள். மற்றது இன்னும் நுட்பமானது. விண்டோஸைப் புதிதாகப் போட்டு, மொழியைத் தெரிவு செய்து, வைபையில் சேர்ந்ததும், ஒரு கொம்பனியின் பெயரோடு வரவேற்புத் திரை வந்து அந்தக் கொம்பனியின் மின்னஞ்சலைக் கேட்கும். லப்டொப் இன்னும் அவர்களுடைய பதிவில் இருக்கிறது என்று அர்த்தம். எத்தனை தரம் விண்டோஸைப் போட்டாலும் இணையத்தில் சேர்ந்தவுடன் திரும்பி வரும், அவர்களுடைய ஐடி ஆள் தன் கணக்கில் இருந்து நீக்கினால் மட்டும்தான் போகும். ஆகவே சோதிக்கும்போது இணையத்தோடு சேர்த்தே சோதிக்க வேண்டும், இணையமில்லாமல் போட்டால் இந்தப் பூட்டுத் தெரியவே தெரியாது. பதினான்கில் ஒன்று பயோஸ் பூட்டோடும் ஒன்று கொம்பனிப் பெயரோடும் வந்தன. கொம்பனிப் பெயர் வந்ததை, அனுப்பியவர் மூலம் சீரியல் இலக்கத்தைக் கொடுத்து நீக்கச் சொன்னோம், மூன்று கிழமையில் நீக்கினார்கள். பயோஸ் பாஸ்வேர்டை அங்கே யாருக்கும் நினைவில்லை, அது உதிரிக்குப் போனது. நீங்கள் இதையெல்லாம் கப்பலில் ஏற்ற முன்னரே முடித்துவிடலாம். அனுப்புபவர் அங்கேயே ஒவ்வொன்றையும் ஓன் செய்து பயோஸுக்குள் போய்ப் பார்க்கட்டும், சீரியல் இலக்கங்களோடு, இவை எங்கள் பதிவில் இருந்து நீக்கப்பட்டு நன்கொடையாகக் கொடுக்கப்பட்டன என்று ஒரு கடிதமும் வாங்கட்டும். அந்தக் கடிதம் சுங்கத்திலும் உதவும். பாவித்த பொருளின் இறக்குமதி விதிகள் அடிக்கடி மாறுகிறபடியால், அனுப்ப முன்னர் கிளியரிங் முகவர் ஒருவரிடம் அந்த நேரத்து நிலவரத்தைக் கேளுங்கள். யாராவது விமானத்தில் கொண்டு வருவதென்றால் தனியாக இருக்கும் பற்றரி எதையும் கைப்பையில்தான் வைக்க வேண்டும், வீங்கிய பற்றரியை விமானத்தில் ஏற்றவே கூடாது.

பூட்டுக்குப் பிறகு டிஸ்க். மின்டை யுஎஸ்பியில் இருந்து ஓட்டி, டிஸ்க்கின் நிலையைக் காட்டும் smartmontools ஐப் போட்டு இந்தக் கட்டளையைக் கொடுப்பேன்.

```
sudo smartctl -a /dev/sda
```

வட்டு சுழலும் பழைய ஹார்ட் டிஸ்க் என்றால் Current_Pending_Sector என்ற வரியைப் பாருங்கள். கடைசியில் பூச்சியம் இல்லாமல் ஓர் எண் இருந்தால், அந்த டிஸ்க் சில இடங்களை வாசிக்க முடியாமல் திணறுகிறது. அப்படிப்பட்டதைப் பிள்ளைக்குக் கொடுக்கக் கூடாது, சின்ன எண்தானே என்று விடவும் கூடாது. எஸ்எஸ்டி என்றால், புதிய வகைகளில் /dev/sda என்பதற்குப் பதிலாக /dev/nvme0 என்று கொடுங்கள், Percentage Used என்று ஒரு வரி வரும். அது எழுபது எண்பதைத் தாண்டியிருந்தால் நான் மாற்றிவிடுவேன். பழைய உரிமையாளரின் தகவலை அழிப்பதையும் இந்த இடத்திலேயே முடித்துவிடுங்கள். ஃபோர்மட் செய்வது அழிப்பது ஆகாது. அலுவலக வகை லப்டொப் பலவற்றில் பயோஸுக்குள்ளேயே டிஸ்க்கை முழுதாக அழிக்கும் வசதி இருக்கும், எஸ்எஸ்டிக்கு அதுதான் சரி. அந்தப் பதினான்கில் இரண்டு டிஸ்க்கைக் கழித்து 256 ஜிபி எஸ்எஸ்டி போட்டோம்.

இனி பற்றரி. இதில்தான் ஆட்கள் அதிகமாக ஏமாறுகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். விண்டோஸில் இதைக் கொடுத்தால் ஓர் அறிக்கை வரும்.

```
powercfg /batteryreport
```

அதில் DESIGN CAPACITY என்பது புதிதில் எவ்வளவு மின்சாரம் பிடித்தது என்பது. FULL CHARGE CAPACITY என்பது இப்போது எவ்வளவு பிடிக்கும் என்று பற்றரிக்குள் இருக்கும் சின்னச் சில்லு போடும் கணக்கு. அது அளந்து சொல்வது இல்லை, கணக்குத்தான். அந்தத் தொகுதியில் ஒன்றின் அறிக்கை புதிதில் 51 வாட் மணித்தியாலம், இப்போது 40 என்று காட்டியது, அதாவது எழுபத்தெட்டு வீதம். லப்டொப் 10 வாட் அளவில் இழுத்தால் நான்கு மணித்தியாலம் ஓட வேண்டும். முழுதாக சார்ஜ் செய்து, திரையின் வெளிச்சத்தைப் பாதியில் வைத்து, ஒரு காணொளியைச் சுற்றிச் சுற்றி ஓட விட்டேன். ஒரு மணித்தியாலம் ஐம்பது நிமிடத்தில், இன்னும் பாதிக்கும் மேல் மீதம் இருப்பதாகக் காட்டிக்கொண்டே அணைந்தது. உள்ளே வரிசையாக இருக்கும் செல்களில் ஒன்று பலவீனமாகிவிட்டால் இப்படி நடக்கும். அந்த ஒன்றின் வோல்ற்றேஜ் விழுந்தவுடன் பாதுகாப்புச் சுற்று எல்லாவற்றையும் நிறுத்திவிடும், சில்லின் கணக்கில் அது வராது. ஆகவே அறிக்கையைப் பாருங்கள், ஆனால் பெற்றோருக்கு எழுதிக் கொடுப்பது மணிக்கூட்டில் பார்த்த நேரமாக இருக்கட்டும். எங்கள் கடதாசியில் வீதம் இருக்காது. "கொடுக்கும் நாளில் பற்றரியில் ஒரு மணித்தியாலம் ஐம்பது நிமிடம் ஓடியது" என்றுதான் இருக்கும். இங்கே கரண்ட் போகிற வீட்டுக்குத் தேவைப்படுவது அந்தத் தகவல்தான். மலிவான மாற்றுப் பற்றரி வாங்கினாலும் இதே ஓட்டச் சோதனையைச் செய்யுங்கள், அவற்றின் சில்லு புதிது, நூறு வீதம் என்று சொன்னாலும் ஓடிப் பார்த்தால் வேறு கதையாக இருப்பதுண்டு.

வீங்கிய பற்றரியைக் கண்ணாலும் விரலாலும் கண்டுபிடிக்கலாம். லப்டொப்பை மட்டமான மேசையில் வையுங்கள். ஒரு மூலை ஆடினால், டச்பாட் அழுத்தும்போது சொடுக்காமல் விறைத்து நின்றால், அல்லது அதன் ஒரு விளிம்பு மேலே எழும்பியிருந்தால் சந்தேகப்பட்டுத் திறந்து பாருங்கள். பதினான்கில் மூன்று அப்படி வந்தன. சார்ஜில் போடாமல், அழுத்தாமல், குத்தாமல் கழற்றி, காய்ந்த மணல் போட்ட வாளியில் வீட்டுக்கு வெளியே வைத்து, மின்னணுக் கழிவு எடுக்க அனுமதி உள்ளவர்களிடம் ஒப்படையுங்கள். குப்பையோடு போட்டு எரிப்பது உயிருக்கு ஆபத்து.

கடைசிச் சோதனை வெக்கை. எனக்கு ஒரு பிள்ளை சொல்லித் தந்த பாடம் இது. பதினான்கில் பத்தை ஆடி மாதம் கொடுத்தோம். இரண்டாம் கிழமையில் ஒட்டுசுட்டானுக்கு அங்கால் இருந்து ஒரு மாணவி தாயோடு பஸ்சில் வந்தாள். "அண்ணை, இது பகலில மட்டும்தான் இடையில நிண்டு போகுது. இரவில படிச்சா ஒரு பிரச்சினையும் இல்லை" என்றாள். நான் றாமைச் சோதித்துத்தான் கொடுத்திருந்தேன். மெம்டெஸ்ட்86+ ஒரு சுற்று பிழையில்லாமல் முடிந்திருந்தது. ஆனால் கடையில் இரவு ஒன்பது மணிக்கு, மின்விசிறிக்குக் கீழே வைத்துச் சோதித்தது. அவளுடைய வீட்டுக்கோ தகரக் கூரை, பகல் இரண்டு மணிக்கு மேசைக்குக் கீழேயே முப்பத்தாறு பாகைக்கு மேல் இருக்கும். அடுத்த நாள் மதியம் கடையின் பின்பக்கக் கொட்டிலில், அதுவும் தகரம்தான், வைத்து அதே சோதனையை ஓட விட்டேன். முதல் சுற்றில் ஒன்றுமில்லை, இரண்டாம் சுற்றில் சிவப்பு வரிகள் வந்தன. இரண்டு றாமையும் கழற்றி ஒவ்வொன்றாகப் போட்டுச் சோதித்தேன். ஒன்று சுத்தம், மற்றது சூடானால் பிழை விடுகிறது. உதிரிக்கு ஒதுக்கிய லப்டொப்பில் இருந்த றாமைப் போட்டுக் கொடுத்தேன், அதற்குப் பிறகு நிற்கவில்லை. அவள் அப்படித் தெளிவாகச் சொல்லாவிட்டால் நான் விண்டோஸைத் திரும்பப் போட்டு அனுப்பியிருப்பேன், அவளும் திரும்பவும் ஒரு நாளைச் செலவழித்து வந்திருப்பாள்.

அன்றில் இருந்து எல்லாவற்றையும் மதியம் பதினொன்றுக்கும் மூன்றுக்கும் இடையில் அந்தக் கொட்டிலில்தான் சோதிக்கிறேன். lm-sensors, stress-ng இரண்டையும் போட்டு, ஒரு சாளரத்தில் இது,

```
stress-ng --cpu 0 --timeout 30m
```

மற்றதில் இது.

```
watch sensors
```

முப்பது நிமிடமும் புரோசசர் முழு வேகத்தில் ஓடும். தொண்ணூறுக்குக் கீழே நின்றால் நல்லது. தொண்ணூற்றைந்தைத் தாண்டி அங்கேயே நின்று, லப்டொப் மந்தமாகிவிட்டால், அது எரியாமல் இருக்கத் தன் வேகத்தைத் தானே குறைக்கிறது. பாவிக்கிறவர் அதைப் பழைய லப்டொப்தானே, மெதுவாகத்தான் இருக்கும் என்று நினைப்பார். பெரும்பாலும் காரணம் தூசு. இந்தப் பக்கம் சோளகக் காற்றோடு வரும் செம்மண் தூசு மின்விசிறிக்கும் சூட்டை வெளியேற்றும் அலுமினியத் தகடுகளுக்கும் இடையில் ஒரு பாய் மாதிரிப் படிந்திருக்கும். வெளியில் இருந்து ஊதினால் அது போகாது, மின்விசிறியைக் கழற்றித்தான் எடுக்க வேண்டும். அந்தத் தொகுதியில் ஒன்று தொண்ணூற்றேழில் நின்றது. அலுவலகத் தூசுதான், சாம்பல் நிறத்தில் பஞ்சு மாதிரி இருந்தது. எடுத்து, புரோசசருக்கு மேல் காய்ந்து போயிருந்த பசையைத் துடைத்துப் புதிது பூசியதும் எண்பத்திரண்டுக்கு இறங்கியது. திறக்கிறபோது போர்டையும் ஒருமுறை நன்றாகப் பாருங்கள். ஊரிலேயே கிடந்த லப்டொப் என்றால் எறும்பு முட்டையும் பல்லி எச்சமும் இருக்கும். எச்சம் விழுந்த இடத்தில் பச்சை பூத்திருந்தால், இன்றைக்கு வேலை செய்தாலும் அதை நான் பிள்ளைக்குக் கொடுக்க மாட்டேன்.

இவ்வளவும் செய்த பிறகு நிச்சயமாகச் சொல்லக் கூடியது என்ன? பூட்டு இல்லை என்பது நிச்சயம். றாம் வெக்கையிலும் பிழை விடவில்லை, விசைப்பலகையின் ஒவ்வொரு எழுத்தும், கமராவும், மைக்கும், யுஎஸ்பித் துளைகளும், வைபையும் அன்றைக்கு வேலை செய்தன என்பதும் நிச்சயம். டிஸ்க் நல்லது என்பது ஓரளவுதான் நிச்சயம், எண்கள் சுத்தமாக இருந்த எஸ்எஸ்டி ஒரு முன்னறிவிப்பும் இல்லாமல் செத்ததைக் கண்டிருக்கிறேன். அதனால்தான் பிள்ளைகளிடம் முக்கியமானதை யுஎஸ்பியிலும் வைக்கச் சொல்கிறேன். போர்ட் இன்னும் எவ்வளவு காலம் ஓடும் என்பதை எந்தச் சோதனையும் சொல்லாது. அதன் சின்னச் சின்ன ஒட்டுக்கள் இத்தனை வருடம் சூடாகி ஆறி, சூடாகி ஆறி வந்தவை. எனக்கு வசப்பட்டது ஒன்றுதான். மூன்று நாள், நாளுக்கு நாலைந்து தரம் ஓன் செய்து ஓஃப் செய்வேன். ஒரு தரமாவது ஓன் ஆகாமல் அடம் பிடித்தால், பிறகு எத்தனை தரம் ஒழுங்காக ஓடினாலும் அது உதிரிக்குத்தான். பதினான்கில் ஒன்று அப்படிப் போனது. பயோஸ் பூட்டு ஒன்று, இது ஒன்று, இரண்டும் பாகம் பாகமாகக் கழற்ற. முழுதாக வேலை செய்கிற இரண்டை அப்படியே மாற்றிக் கொடுக்க ஒதுக்கினோம். மிச்சம் பத்துத்தான் பிள்ளைகளுக்குப் போனது. பதினான்கு வந்து பத்தைத்தான் கொடுக்கிறோமா என்று உங்கள் குழுவில் மனவருத்தம் வரும், எங்களுக்கும் வந்தது. பதினான்கையும் கொடுத்திருந்தால் அந்த மாணவிக்குப் போடுவதற்கு றாம் இருந்திருக்காது. உங்கள் பதினைந்தில் பதினொன்றுக்கு மேல் கொடுக்க நினைக்காதீர்கள்.

அப்புறம் வாரண்டிக் கடதாசி. ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம், தமிழில் எழுதி, தாய் தகப்பனுக்கு வாசித்துக் காட்டிவிட்டுக் கொடுங்கள். எங்களுடையதில் சீரியல் இலக்கம், கொடுத்த திகதி, பற்றரி ஓடிய நேரம், மதிய வெக்கையில் வந்த பாகை ஆகியன இருக்கும். தொண்ணூறு நாளுக்குள் போர்ட், றாம், டிஸ்க், திரை, விசைப்பலகை, சார்ஜர் தானாகப் பழுதானால் மாற்றித் தரப்படும், இயலாவிட்டால் லப்டொப்பையே மாற்றித் தருவோம் என்று இருக்கும். டிஸ்க்கில் இருந்த படிப்புக்குப் பொறுப்பில்லை என்பதையும் எழுதிவிடுவோம். பற்றரிக்கு முப்பது நாள், அதுவும் எழுதிய நேரத்தில் பாதிக்குக் கீழே போனால் மட்டும். தண்ணீர், தேநீர், விழுந்து உடைந்தது, மின்னல், வேறு இடத்தில் திறந்தது இவற்றுக்கு இல்லை. தொண்ணூறு நாள் ஏன் என்றால், சோதனையில் தப்பிய பழுது என் அனுபவத்தில் பெரும்பாலும் முதல் ஒன்றரை மாதத்துக்குள் வெளியே வந்துவிடுகிறது, அதற்கு இரட்டிப்பாக வைத்தேன். ஆறு மாதம் என்று சொல்ல ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் ஐந்தாம் மாதத்தில் போர்ட் போவது எனது சோதனையின் பிழையால் அல்ல, வயதால். அதற்கு வாக்குக் கொடுத்தால் காப்பாற்ற முடியாது.

அந்தப் பத்தில் தொண்ணூறு நாளுக்குள் மூன்று திரும்பின. ஒன்று நான் சொன்ன றாம். ஒன்று சார்ஜர். நடுவில் மெல்லிய ஊசி உள்ள முனை அது, ஊசி வளைந்திருந்தது. அந்த ஊசி வழியாகத்தான் லப்டொப் தன் சார்ஜரை அடையாளம் காணும், வளைந்தால் கரண்ட் வந்தாலும் பற்றரி ஏறாது, லப்டொப்பும் மந்தமாகும். போர்ட் போய்விட்டது என்று பயந்து வந்தவர்கள், ஐந்து நிமிடத்தில் வேறு சார்ஜரோடு போனார்கள். மூன்றாவது தேநீர் ஊற்றுப்பட்ட விசைப்பலகை. கடதாசிப்படி இல்லை, ஆனால் உதிரி விசைப்பலகை இருந்தது, போட்டுக் கொடுத்தோம், இது வாரண்டி இல்லை, இருந்ததால் தருகிறோம் என்று சொல்லியே கொடுத்தோம். அப்படிச் சொல்லாவிட்டால் அடுத்த பிள்ளைக்கு இல்லை என்று சொல்லும்போது பாகுபாடாகத் தெரியும். பிறகு ஐப்பசியில், இடி மின்னல் நேரம், ஒரு வீட்டில் சார்ஜரும் போர்டும் ஒன்றாகப் போயின. கொடுக்கிற நாளிலேயே மழை இருட்டினால் பிளக்கைச் சுவரில் இருந்து கழற்றச் சொல்லியிருந்தோம், ஆளில்லாத நேரம் மின்னியிருக்கிறது. ஒதுக்கி வைத்த இரண்டில் ஒன்று அந்த வீட்டுக்குப் போனது. பிளக்கைப் பற்றி இன்னொன்று. சார்ஜர் மூன்று முனை உள்ளதாக இருக்கட்டும், மூன்றாவது முனையை வெட்டி இரண்டு முனைத் துளைக்குள் செருகவேண்டாம் என்று சொல்லுங்கள். ஏர்த் இல்லாத வீட்டில் உலோக உடம்புள்ள லப்டொப்பைத் தொட்டால் விரலில் சுள்ளென்று கூசும். பிள்ளை அப்படிச் சொன்னால் லப்டொப்பைப் பார்க்க முன்னர் வீட்டு ஏர்த்தைப் பார்க்கச் சொல்லுங்கள்.

கடைசியாக, திருத்த எங்கே வருவது என்பதையும் கடதாசியில் எழுதுங்கள். முல்லைத்தீவுப் பக்கத்தில் இருந்து கிளிநொச்சிக்கு ஒரு பிள்ளையும் தாயும் வந்து போனால் ஒரு நாள் கூலியும் பஸ் காசும் போய்விடும், அந்தச் செலவுக்குப் பயந்தே பழுதான லப்டொப்பை அலுமாரியில் வைத்துவிடுகிறார்கள். அதனால் மிச்சமிருந்த அந்த ஒரு முழு லப்டொப்பை நான் கடையில் வைக்கவில்லை. அந்தப் பக்கப் பாடசாலை ஒன்றில் ஐசிடி படிப்பிக்கும் ரீச்சரிடம் கொடுத்திருக்கிறேன். பழுதானதைப் பிள்ளை அவரிடம் கொடுத்துவிட்டு அதை எடுத்துக்கொண்டு போகும், பழுதானது அவர் கிளிநொச்சிக்கு வருகிற நாளில் என்னிடம் வரும். மாதத்தில் ஒரு நாள் அதை ஓன் செய்து பார்த்து, பற்றரியைப் பாதி அளவில் விட்டு, எறும்பு போகாதபடி மூடி வைக்கச் சொல்லியிருக்கிறேன். உங்கள் பாடசாலையிலும் அப்படி ஒருவரை இப்போதே கேட்டு வையுங்கள். லப்டொப் எட்டாம் தலைமுறையா, எந்த மாடல் என்று அனுப்புபவர்களிடம் இருந்து பதில் வந்ததும் இங்கேயே எழுதுங்கள், அந்த மாடலை எப்படித் திறப்பது, எந்த உதிரியை முதலில் வாங்கி வைப்பது என்று சொல்கிறேன்.